ஓவர்ஃப்ளோ பாக்க சைன் பிட்டா, கேரியா?

ஈரோட்டுல படிக்கற தம்பி, கூட்டல் விடை எடத்துக்குள்ள அடங்காம ஓவர்ஃப்ளோ ஆச்சான்னு கண்டுபுடிக்க சைன் பாக்கறது, கேரி பாக்கறது, ரெண்டுல எது நல்லதுங்ணான்னு கேட்டான். 4 பிட் டூஸ் காம்ப்ளிமென்ட்ல -8 இருந்து 7 வரைக்கும்தான் எடமே, 5+4 போட்டுப் பாருங்க:

```
0101 + 0100 = 1001
```

9 வரோணும், வந்தது -7.

சைன் பாத்தா: கூட்டுனது ரெண்டும் பாசிட்டிவ், விடை நெகட்டிவ், அப்ப ஓவர்ஃப்ளோ. கைல போட இதுதான் சுலுவு.

கேரி பாத்தா: இடது ஓரத்து பிட்டுக்குள்ள போன கேரி 1, வெளிய வந்தது 0, ரெண்டும் வேற, அதனால ஓவர்ஃப்ளோ. சர்க்யூட்ல ஒரே ஒரு எக்ஸ்ஆர் கேட் போதும்ங்க.

வெளிய கேரி வந்தாலே ஓவர்ஃப்ளோன்னு எழுதி மார்க்க உட்டவன் நானு. ஆனா -1 கூட -1, அதாவது 1111 + 1111 கூட்டுனா உள்ள போறதும் 1 வெளிய வர்றதும் 1, அந்த வெளிய வந்தத தள்ளிட்டா விடை 1110, அதாவது -2, செரியாத்தான இருக்குது! பரிச்சைக்கு சைன், கூட்டற ஆடர் சர்க்யூட் வரையறதுன்னா கேரி.