எலிக்கூண்டா, கம்பி வலையா? மாடித்தோட்டத்துப் பைகளுக்கு எது சரி

எங்கள் மதுரை வீட்டு மாடியில் 14 பைகளும், நாலடிக்கு இரண்டடியில் ஒரு மேட்டுப்பாத்தியும் இருக்கின்றன. போன ஆடியில் சுரை, அவரை, புடலை விதை ஊன்றிய மூன்றாம் நாள் காலை, எட்டுப் பைகளில் விதை இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. தேங்காய் நார்க்கழிவு தரையெங்கும் இறைந்து கிடந்தது. அணில் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அணில் பகலில் வரும், மேலாகத்தான் கிளறும். இது ராத்திரி வேலை. குழி ஒரு சாண் ஆழம், பக்கத்தில் அரை அங்குல நீளப் புழுக்கை. கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்திருந்த தென்னை மட்டை வழியாக வீட்டெலி ஏறி வந்திருக்கிறது.

அது விதைக்காக மட்டும் வரவில்லை. மண் கலவையில் கடலைப் புண்ணாக்கைத் தூளாகவே கலந்திருந்தேன். எலிக்கு அது தீனி. புண்ணாக்கு வாசம் தேடித் தோண்டும்போது விதையும் போகிறது, நாற்றின் வேரும் அறுகிறது. இப்போது இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறேன்.

விஷத்தையும் பசை அட்டையையும் நான் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டேன். விஷம் தின்ற எலி எங்கேயாவது போய்ச் சாகும், அதைப் பூனையோ ஆந்தையோ தின்றால் அதற்கும் ஆபத்து. பசையில் பல்லியும் குருவியும் ஒட்டும். மிஞ்சியது கூண்டும் வலையும்.

கூண்டைத்தான் முதலில் வைத்தேன். செலவு குறைவு, சுட்ட கருவாடோ தேங்காய்த் துண்டோ போதும். முதல் வாரம் இரண்டு எலி விழுந்தன. அப்புறம் ஒன்றும் விழவில்லை, ஆனால் தோண்டல் நிற்கவில்லை. இருப்பதைப் பிடித்தாலும், தீனியும் வழியும் இருக்கிற வரை அந்த இடத்துக்கு வேறொன்று வந்துவிடும்.

என் முடிவை மாற்றியது ஊர்ப்பயணம். ஐந்து நாள் திருநெல்வேலி போய்த் திரும்பினால், கூண்டில் ஒரு எலி தண்ணீர் இல்லாமல் செத்துக் கிடந்தது. வெளியே ஏழு பைகள் தோண்டப்பட்டிருந்தன. கூண்டுக்கு ஒவ்வொரு நாளும் ஆள் வேண்டும்: மாலையில் இரை வைக்க, காலையில் பார்க்க, விழுந்ததை என்ன செய்வதென்று முடிவெடுக்க. ஒரு நாள் தவறினாலும் காவல் இல்லை. வலைக்கு அந்தக் கவலை கிடையாது.

வலை என்றால் நைலான் வலை இல்லை, அதை எலி ஒரே ராத்திரியில் கடித்துவிடும். கோழி வலையின் கண்ணி பெரிது, குட்டி எலி நுழையும். கேட்டு வாங்க வேண்டியது அரை அங்குலக் கண்ணியுள்ள ஜிஐ வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய கம்பிகளைப் பற்றவைத்த வலை. பையின் வாயைவிட இரண்டு அங்குலம் அகலமாக வட்டம் வெட்டி, ஓரத்தைச் சுற்றிலும் ஓர் அங்குலம் கீழே மடித்துப் பைக்குள் மண்ணில் அழுத்த வேண்டும். விளிம்பிலிருந்து நடுவரை ஒரு வெட்டு, நடுவில் தண்டுக்கு இரண்டு அங்குல ஓட்டை. செடியைச் சுற்றிப் போட்டபின் வெட்டைக் கட்டுக்கம்பியால் தைத்துவிடலாம். வெட்டிய முனைகள் கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் பட்ட மண்ணை அள்ளவும் அதே கையுறைதான், எலிக்காய்ச்சல் அப்படியும் வரும்.

விதை ஊன்றும்போது நடு ஓட்டை வேண்டாம். முழு வட்டமாக மூடி, முளை கண்ணியைத் தொடும்போது எடுத்து ஓட்டை வெட்டினால் போதும். இதை மறந்து ஒரு வாரம் விட்டதில் இரண்டு அவரைச் செடிகள் கண்ணிக்குள் சிக்கி, எடுக்கும்போது முறிந்தன. மேட்டுப்பாத்திக்கு மரச்சட்டத்தில் அதே வலையை அடித்து மூடி மாதிரி வைத்திருக்கிறேன். கீரைக்கு அது மிகவும் வசதி.

பைகளை ஓரடி இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். அடியில் இருட்டு மறைவிடம் இல்லாததால், வடிகால் ஓட்டைப் பக்கமாகக் கடித்து நுழைவதும் நின்றது.

பத்து மாதமாக வேரும் விதையும் பத்திரம். ஆனால் வலை காயைக் காக்காது. பழுத்த தக்காளியை எலி செடியிலேயே கடிக்கிறது. அதனால் அடியில் லேசாக நிறம் மாறியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கிறேன். என் மாடிக்குச் சுண்டெலி வந்ததில்லை. வருகிற இடமென்றால் கால் அங்குலக் கண்ணி வாங்குவது நல்லது, அரை அங்குலத்தில் அது புகுந்துவிடலாம். வெட்டிய முனைகளில் துரு தெரிகிறது, இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை இருந்துதான் பார்க்க வேண்டும்.

கூண்டைத் தூக்கிப் போடவில்லை. மாடியிலிருக்கும் சாமான் அறைக்குள் எலி கூடு கட்டினால் அங்கே வலைக்கு வேலை இல்லை, கூண்டுதான். ஊரில் இருக்கும் வாரங்களில் மட்டும் வைக்கிறேன்.