35.53-இல் ஒரு பீக்: மேக்னடைட்டா, மேகமைட்டா?

பெங்களூருவில் ஓர் ஆய்வகத்தில் எக்ஸ்கதிர் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், போன மார்கழியில் ஒரு கறுப்புத் தூளோடு வந்தார். இரண்டு இரும்பு குளோரைடுகளையும் கலந்து அம்மோனியா ஊற்றி வீழ்படிவாக்கிய தூள். எந்தெந்தக் கோணத்தில் தூள் எக்ஸ்கதிரைப் பலமாகத் திருப்புகிறது என்று பீக்குகளாகக் காட்டும் பேட்டர்னை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“அண்ணா, சாஃப்ட்வேர் மேக்னடைட்னும் சொல்லுது, மேகமைட்னும் சொல்லுது. எதை எழுத?”

சாஃப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது. மேக்னடைட் Fe3O4, மேகமைட் γ-Fe2O3. இரண்டும் ஸ்பினல் அமைப்பு. அணுக்கள் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் கனசதுரப் பெட்டியின் பக்கம் முதலாவதற்கு 8.396 ஆங்ஸ்ட்ரம், இரண்டாவதற்கு ஏறத்தாழ 8.35. பீக்குகள் ஒரே வரிசையில், கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வரும். கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். செம்புக் குழாயில் எடுத்தால் மிகப் பெரிய பீக்கான (311) மேக்னடைட்டுக்கு 35.43 டிகிரி, மேகமைட்டுக்கு 35.63. அவருடைய தூளுக்கு வந்ததோ 35.53. சரியாக நடுவில்!

இதைத் தீர்க்க வழக்கமாக மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் அந்தத் தூளில் பார்த்தோம்.

முதல் வழி, தெரிந்த பொருள்களின் பீக்குகளைப் பட்டியலிட்ட கார்டோடு பொருத்துவது. ஹனவால்ட் 1938-இல் வெளியிட்ட முறையின் வாரிசு இது: மிகப் பலமான மூன்று கோடுகளின் d மதிப்பை, அதாவது அணு அடுக்குகளின் இடைவெளியை, வைத்து அட்டவணையில் தேடுவது. இன்று அதையே கணினி நொடியில் செய்கிறது. குவார்ட்ஸா கால்சைட்டா என்று கேட்டால் இதைவிட வேகமான வழி கிடையாது. நம் தூளுக்கு மட்டும் கை கொடுக்காது. மேக்னடைட்டின் மூன்று கோடுகள் 2.53, 1.48, 2.97, மேகமைட்டுக்கு 2.52, 1.48, 2.95. தேடலில் பிழைக்கென்று விட்டிருக்கும் இடைவெளிக்குள் இரண்டுமே அடங்கிவிடும். முதலிடத்தில் வந்த கார்டை எடுத்து எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த இடம் பூவா தலையா மாதிரிதான்.

மேகமைட்டுக்கென்று 23.8, 26.1 டிகிரிகளில் இரண்டு சின்னப் பீக்குகள் உண்டே, அவை தெரியவில்லையே என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. தெரிந்தால் மேகமைட் இருக்கிறது என்று சொல்லலாம்; தெரியாததை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய பீக்கில் ஐந்து சதவீதம் அளவுதான் அவற்றின் உயரம். போதாததற்குச் செம்புக் கதிர் பட்டால் இரும்பு தானே ஒளிர்ந்து பேக்ரவுண்டைத் தூக்கிவிடும். சின்னப் பீக் அதில் மூழ்கிப்போகும்.

இரண்டாவது, ரியட்வெல்ட் பொருத்தம். முழுப் பேட்டர்னையும் கணக்கிட்டு வரைந்து, அளந்த கோட்டின்மேல் உட்காரவைக்கும் முறை. படம் பார்க்க அழகாக இருக்கும், ஆய்வுக் கட்டுரைக்கும் எடுப்பு. ஆனால் பெட்டியின் அளவு, கருவியின் பூஜ்யப் பிழை, சாம்பிளின் உயரப் பிழை மூன்றையும் ஒருசேரத் தளர்த்திவிட்டால், ஒன்றின் தப்பை இன்னொன்று விழுங்கிக்கொள்ளும். அவர் அப்படித்தான் செய்திருந்தார். மேக்னடைட் மாதிரியில் தொடங்கினாலும் மேகமைட்டில் தொடங்கினாலும் பொருத்தம் ஒன்றுபோல ‘நன்றாக’ வந்தது. பூஜ்யத்தைக் கருவியின் அளவுத்திருத்தத்தில் பூட்டிவிட்டு உயரத்தை மட்டும் தளர்த்தினால் இந்த முறை நம்பத்தக்கது. அதற்கு யாராவது அந்த அளவுத்திருத்தத்தை ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும்.

இந்த உயரப் பிழைதான் விஷயத்தின் கரு. ஹோல்டரில் தூளை நிரப்பிக் கண்ணாடித் தகட்டால் வழிக்கும்போது, விளிம்பைவிட ஒரு மயிரிழை மேலே நின்றுவிட்டால் எல்லாப் பீக்குகளும் பெரிய கோணம் பக்கம் நகரும். எங்கள் கருவியின் ஆரம் 150 மில்லிமீட்டர். அதில் 0.14 மில்லிமீட்டர் உயர்ந்தாலே 0.1 டிகிரி நகர்ந்துவிடும். இரண்டு கார்டுகளுக்கும் உள்ள வித்தியாசமே 0.2 டிகிரிதான்.

ஆனால் இரண்டு நகர்வுகளுக்கும் குணம் வேறு. உயரத்தால் வரும் நகர்வு cosθ போல, கோணம் கூடக்கூடக் குறையும். பெட்டியின் அளவால் வரும் நகர்வு tanθ போல, கோணம் கூடக்கூட வளரும். அதனால் 35 டிகிரிப் பீக்கை விட்டுவிட்டு, பெரிய கோணத்தில் வரும் (440) பீக்கைப் பார்க்க வேண்டும். 35.53 வந்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தூள் மேக்னடைட், ஹோல்டரில் உயர்ந்து நிற்கிறது என்றால் (440) 62.62-இல் வர வேண்டும். தூள் மேகமைட், தாழ்ந்து கிடக்கிறது என்றால் 62.82. உயரம் சரிதான், தூள்தான் பாதி ஆக்சிஜனேறி நடுவில் நிற்கிறது என்றால் 62.72. (செம்புக் குழாய் Kα1, Kα2 என்று இரண்டு நெருங்கிய அலைநீளங்களைத் தருவதால், இந்தக் கோணத்தில் Kα2-வின் பீக் 0.17 டிகிரி தள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்துப் பொருத்தி Kα1-இன் இடத்தை மட்டும் படிக்க வேண்டும். மொத்த மேட்டின் நடுவைப் படித்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.)

மெதுவாக ஒரு ஸ்கேன் ஓட்டினோம். 62.62 வந்தது.

மூன்றாவது வழி சிலிக்கான் கலப்பது. என் ஓட்டு இதற்குத்தான். தூளின் எடையில் பத்தில் ஒரு பங்கு சிலிக்கானை அசிட்டோன் விட்டு மெல்லக் கலந்து, அதே ஹோல்டரில் வைக்க வேண்டும். உரலில் மாவாட்டுகிற மாதிரி அரைக்கக் கூடாது. அரைக்கிற சூட்டிலேயே மேக்னடைட் மாறத் தொடங்கும். சிலிக்கானின் முதல் பீக் 28.44-இல் வந்தாக வேண்டும். வராவிட்டால் எவ்வளவு தப்பு என்பதை அதுவே சொல்லிவிடும். இதில் செலவு, கலந்த தூளைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது என்பது. பத்து மில்லிகிராம்தான் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு ஒத்துவராது. அவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு பீக் கணக்குதான். நமக்குச் சிலிக்கான் 28.54-இல் வந்தது. உயரத் திருத்தம் போட்டதும் (311) 35.43-க்கும் (440) 62.53-க்கும் இறங்கின. பெட்டி 8.396. மேக்னடைட் என்று எழுதச் சொன்னேன், பெட்டி அளவையும் சேர்த்து.

துகள் பத்து நானோமீட்டருக்கு இறங்கிவிட்டால் மூன்று வழிகளுமே தடுமாறும். அப்போது பீக்கின் அகலமே 0.8 டிகிரி ஆகிவிடும். நடுப்புள்ளியைச் சுமாராகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது ஒரே பொருளா, இரண்டின் கலவையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு, இரும்பு அணுக்களின் நிலையைக் காட்டும் மோஸ்பவர் நிறமாலைக்குத்தான் போக வேண்டும்.

பொங்கல் முடிந்து ஊரிலிருந்து வந்தவர், தூளை நூறு டிகிரி ஓவனில் காற்றுப்பட மறந்துவிட்டுப் போனதாகச் சொல்லி அதையே மறுபடி கொண்டுவந்தார். நிறம் கறுப்பிலிருந்து கொஞ்சம் பழுப்புக்கு வந்திருந்தது. சிலிக்கான் கலந்து ஓட்டினோம். (311) திரும்பவும் 35.53. “அண்ணா, பழையபடி ஹோல்டர்ல தூக்கிட்டு நிக்குதா?” என்றார். சிலிக்கான் பீக்கைக் காட்டினேன். 28.44-இல் அசையாமல் நின்றது. (440) 62.72.