கைப்பேசி மாற்றும்போது புலன உரையாடல்கள்: கூகல் காப்பு, நேரடி மாற்றம், கோப்பு நகல் ஆகியவற்றில் எது எப்போது?

புதுக் கைப்பேசியில் புலனத்தை, அதாவது வாட்ஸ்அப்பைத் திறந்ததும் குழுக்களின் பெயர்கள் மட்டும் வந்து, உள்ளே ஒரு வரி கூட இல்லாமல் வெறுமையாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும். ஆண்டிராய்டிலிருந்து ஆண்டிராய்டுக்கு மாறுகிறவர்களுக்கு வாட்ஸ்அப் உரையாடல்களைக் கொண்டுபோக மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கூகல் கணக்கில் எடுத்து வைத்த காப்பு நகலை மீட்பது. இரண்டாவது, இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே வைத்து கியூஆர் குறியீட்டின் வழி நேரடியாக மாற்றுவது. மூன்றாவது, பழைய கைப்பேசியின் வாட்ஸ்அப் கோப்புறையை அப்படியே நகலெடுப்பது. பெரும்பாலோருக்கு முதல் வழி மட்டுமே தெரியும். அதிகம் சிக்கிக்கொள்வதும் அதில்தான்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்திக்குத் தீபாவளிக்கு முந்திய வாரம் மகன் புதுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தார். கடையிலேயே எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். கூகல் கடவுச்சொல் சித்திக்கு நினைவில் இல்லாததால், கடைக்காரத் தம்பி புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, குறுஞ்செய்தியில் வந்த எண்ணை இட்டு வாட்ஸ்அப்பையும் பதிவு செய்தார். காப்பு எதுவும் கிடைக்கவில்லை என்று திரை சொன்னது. அவர் Skip என்பதை அழுத்திவிட்டார். மறைந்த சித்தப்பாவின் குரல் பதிவுகள் அந்த உரையாடலில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை நான் பாலம் தாண்டிப் போனபோது சித்தி இரண்டு கைப்பேசிகளையும் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “அவர் குரல் போயிருச்சாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

போகவில்லை. ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, முதல் வழி எவற்றை நம்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கூகல் காப்பை மீட்க, அதை எடுத்த அதே தொலைபேசி எண்ணும், அதே கூகல் கணக்கும் வேண்டும். எண் சரியாக இருந்து கணக்கு மாறினாலும், காப்பு இல்லை என்ற பதிலே வரும். அது வேறொரு கணக்கில் பத்திரமாகக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்புக்குத் தெரிய வழியில்லை. ஆகவே, அந்தத் திரையைப் பார்த்தவுடன் Skip அழுத்தாமல், பழைய கைப்பேசியில் எந்த ஜிமெயில் முகவரி இருந்தது என்று பார்த்து, அதைப் புதுக் கைப்பேசியின் அமைப்பில் சேர்த்துவிட்டு மறுபடி முயல வேண்டும்.

Skip அழுத்திவிட்டால் அந்தக் கேள்வி மீண்டும் வராது. செயலியை நீக்கி, மறுபடி நிறுவி, எண்ணை மறுபடி சரிபார்க்கும்போதுதான் மீட்கும் வாய்ப்பு வரும். அதற்குள் இன்னோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புதுக் கைப்பேசியில் அதே கணக்கை வைத்துக்கொண்டு வெறுமையான புலனத்தையே பயன்படுத்தி வந்தால், அடுத்த தானியங்கிக் காப்பு பழைய காப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பல ஆண்டு உரையாடல் இருந்த இடத்தில் மூன்று நாள் உரையாடல் மட்டும் மிஞ்சும். சித்தியின் விஷயத்தில் கடையில் திறந்தது வேறு கணக்கு என்பதே எங்களைக் காப்பாற்றியது. புதுக் காப்பு அங்கே போனது, பழையது தொடப்படாமல் இருந்தது.

பழைய கைப்பேசியில் பழைய கூகல் கணக்கு இன்னும் திறந்தே இருந்ததால், டிரைவ் செயலியில் Backups என்ற பகுதிக்குப் போனேன். +60 என்று தொடங்கும் சித்தியின் எண்ணோடு வாட்ஸ்அப் காப்பு இருந்தது, ஆனால் தேதி ஜூலை மாதத்தைக் காட்டியது. அதாவது, கணக்கைச் சரிசெய்து மீட்டிருந்தாலும் அதற்குப் பிந்திய மூன்று மாதங்கள் வந்திருக்காது. இதற்குக் காரணம் இடப்பற்றாக்குறை. கூகல் தரும் இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தது. ஒரு காலத்தில் ஆண்டிராய்டின் வாட்ஸ்அப் காப்பு இந்த 15 ஜிபியில் சேராமல் இருந்தது. 2024 முதல் சேர்கிறது. சித்தியின் கணக்கில் 14.6 ஜிபி நிறைந்திருந்தது. ஒவ்வோர் இரவும் காப்பு தொடங்கி, இடம் போதாமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. அந்த அறிவிப்பை அவர் நூறு அறிவிப்புகளில் ஒன்றாக விலக்கித் தள்ளியிருக்கிறார்.

அந்த 14.6 ஜிபியைப் பிரித்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. போட்டோஸ் செயலியில் WhatsApp Images, WhatsApp Video ஆகிய கோப்புறைகளும் காப்பெடுக்கும்படி திறந்து விடப்பட்டிருந்தன. ஆகவே, குடும்பக் குழுவில் வரும் ஒவ்வொரு காலை வணக்கப் படமும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலையிலிருந்து உறவினர் அனுப்பிய ஒவ்வொரு காணொளியும் ஒரே கணக்கில் இரண்டு முறை இடம் பிடித்தன: போட்டோஸில் ஒரு முறை, வாட்ஸ்அப் காப்பில் இன்னொரு முறை. இலவச இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லும் நம்மவர் பலரிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அந்தக் கோப்புறைகளின் காப்பை நிறுத்துவதும், Chat backup திரையில் காணொளிகளைச் சேர்க்கும் விசையை அணைப்பதும், மாதக் கட்டணம் கட்டிக் கூடுதல் இடம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை. ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்தவை குப்பைத் தொட்டியில் இருக்கும்வரை கணக்கில் சேரும் என்பதால், தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்து, புதுக் காப்பு எடுத்து, அதை மறுபக்கம் இறக்குவதை விட, பழைய கைப்பேசி உயிரோடு கையில் இருக்கும்போது இரண்டாவது வழியே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. நேரடி மாற்றம் கூகல் கணக்கையே தொடுவதில்லை. எந்தக் கணக்கு, எவ்வளவு இடம், எப்போது எடுத்த காப்பு என்ற மூன்று கேள்விகளும் அங்கே எழுவதில்லை. அது கேட்பதெல்லாம் அதே எண், வைஃபையும் இருப்பிடச் சேவையும் திறந்திருக்கும் இரண்டு கைப்பேசிகள், புதியதில் போதுமான காலி இடம், இவ்வளவுதான்.

சித்தியின் புலனம் புதுக் கைப்பேசியில் பதிவானதும் பழையதிலிருந்து தானாக வெளியேறிவிட்டது. இதைப் பார்த்துப் பலர் பழையதில் எல்லாம் அழிந்துவிட்டதாக நினைத்துச் செயலியை நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உரையாடல்கள் அந்தக் கைப்பேசியின் உள்ளேயே இருக்கின்றன. அதே எண்ணை அங்கே மறுபடி சரிபார்த்தால் இருந்தபடியே திறக்கின்றன. நாங்கள் அப்படித்தான் செய்தோம். சரிபார்ப்பு எண்ணைத் தவறாக இட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டால் காத்திருக்க வேண்டிய நேரம் நீண்டுகொண்டே போகும் என்பதால், சிம் எந்தக் கைப்பேசியில் இருக்கிறது என்று பார்த்து, குறுஞ்செய்தி அங்கே வரும்வரை பொறுமையாக இருந்தோம். பழையதில் உரையாடல்கள் திறந்தன. சித்தப்பாவின் பெயரைத் தேடி, ஒரு குரல் பதிவைச் சித்தியைக் கேட்க வைத்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்கினேன்.

புதுக் கைப்பேசியில் செயலியை நீக்கி மறுபடி நிறுவி, எண்ணைச் சரிபார்த்து, பழைய கைப்பேசியிலிருந்து மாற்றும் வாய்ப்பைத் தேர்ந்தோம். திரையில் கியூஆர் குறியீடு வந்தது. பழையதில் Settings, அதில் Chats, அதில் Transfer chats என்று போய் அந்தக் குறியீட்டைப் படிக்க வைத்தோம். இரண்டையும் மின்னேற்றியில் செருகி, திரை அணையாமல் பார்த்துக்கொண்டோம். ஏறக்குறைய 7 ஜிபி, 40 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. புதுக் கைப்பேசியில் இடைப்பட்ட நாட்களில் வந்திருந்த சில செய்திகள் மட்டும் போயின. அதைச் சித்தியிடம் முன்னரே சொல்லி, முக்கியமானவற்றைப் படம் பிடித்து வைத்திருந்தோம்.

மூன்றாவது வழியை நான் கடைசியாகவே சொல்வேன், ஆனால் அது காப்பாற்றிய இடங்களும் உண்டு. கியூஆர் மாற்றம் பாதியில் அறுந்துகொண்டே இருக்கும்போதும், பழையது திறந்தாலும் அதன் கேமரா பழுதாகிக் குறியீட்டைப் படிக்க முடியாதபோதும் இதுவே வழி. வாட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் விடியற்காலை 2 மணிக்குக் கைப்பேசிக்குள்ளேயே ஒரு காப்பை எடுத்து, அண்மைய ஏழு நாட்களின் கோப்புகளை வைத்திருக்கிறது. அது இருக்கும் இடம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

இதனுள் Databases கோப்புறையில் உரையாடல்களும், Media கோப்புறையில் படங்களும் குரல் பதிவுகளும் இருக்கும். முழுக் கோப்புறையையும் கணினி வழியாகப் புதுக் கைப்பேசியின் அதே இடத்துக்கு நகலெடுத்த பிறகே எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். முந்திப் பதிவு செய்துவிட்டால் செயலி இந்தக் கோப்பைத் தேடாது. அதே எண் இல்லாவிட்டால் இந்தக் கோப்பும் திறக்காது.

பழைய கைப்பேசி தொலைந்தோ, கடலில் விழுந்தோ போனவருக்குக் கூகல் காப்பைத் தவிர வேறு கதி இல்லை. அவருக்கு மீட்பு பாதியில் நின்றால், எது நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். செய்திகள் முதலில் இறங்கும், படங்களும் காணொளிகளும் அதன் பிறகு பின்னணியில் இறங்கும். செய்திகள் வந்துவிட்டு ஊடகம் மட்டும் நின்றால், அவசரப்பட்டு நீக்காமல், நிலையான வைஃபையில் மின்னேற்றியோடு விட்டுவிட்டு, மின்சேமிப்பு முறையை அணைத்துக் காத்திருப்பதே சரி. செய்திகளே நின்றால், கைப்பேசியில் காலி இடம் இருக்கிறதா, கூகல் பிளே சேவைகள் புதுப்பிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். காப்புக்கு முனைக்கு முனை மறைகுறியாக்கத்தைத் தாமே திறந்து வைத்தவருக்கு, அப்போது அமைத்த கடவுச்சொல்லோ, பாஸ்கீயோ, 64 இலக்கத் திறவுகோலோ வேண்டும். அது இல்லாமல் யாராலும் திறந்து தர முடியாது.

ஐபோனுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல்: கூகல் காப்பு ஐபோனில் திறக்காது, அதற்கு ஆப்பிளின் Move to iOS செயலி வழியே போக வேண்டும். ஐபோனிலிருந்து ஐபோனுக்கு ஐகிளவுட் காப்பு வழியே போகிறவர்களுக்கு இடக் கணக்கு இன்னும் இறுக்கமானது. காப்பின் அளவைப் போல 2.05 மடங்கு காலி இடத்தை வாட்ஸ்அப் கேட்கிறது. ஆகவே, உரையாடல்கள் 3 ஜிபி இருந்தால், 5 ஜிபி இலவச ஐகிளவுட் முழுதும் காலியாக இருந்தாலும் போதாது. காணொளிகளை விலக்கினால் பலருக்கு அது அடங்கிவிடும்.

சித்தியின் புதுக் கைப்பேசியில் இப்போது அவருடைய பழைய கூகல் கணக்கே இருக்கிறது. கடவுச்சொல்லை மீட்டெடுத்து, அவர் பூசை அறையில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சித்தப்பாவின் குரல் பதிவுகள் பதினேழையும் தனியாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அவருடைய மகனிடம் ஒப்படைத்திருக்கிறேன்.