சொந்த லேப்டாப்பா, கம்பெனி லேப்டாப்பா: வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது யாருக்கு என்ன தெரியும்?

நான் முன்பு இருந்த கம்பெனி, சொந்த லேப்டாப்பிலேயே வேலை பாருங்கள் என்று சொல்லி அதற்காக மாதம் ஒரு தொகை கொடுத்தது. இப்போது இருக்கும் கம்பெனி கூரியரில் ஒரு லேப்டாப்பை அனுப்பி வைத்தது. சொந்த லேப்டாப்தான் சுதந்திரம் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டையும் சில வருடங்கள் பயன்படுத்திப் பார்த்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டது. இரண்டுமே விண்டோஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

விபிஎன்னில்தான் குழப்பம் அதிகம், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். விபிஎன் போட்டவுடன் நம் இணையம் முழுவதும் கம்பெனி வழியாகப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அமைப்பைப் பொறுத்தது. சில இடங்களில் அலுவலக சர்வர்களுக்குப் போவது மட்டும் விபிஎன்னில் போகும், யூடியூப் வழக்கம்போல வீட்டு இணைப்பிலேயே போகும். வேறு சில இடங்களில் எல்லாமே விபிஎன்னில் போகும். உங்களுடையது எந்த வகை என்று பார்ப்பது சுலபம். விபிஎன் இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை, what is my ip என்று தேடிப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே எண்ணும் உங்கள் வீட்டு இணைய நிறுவனத்தின் பெயரும் வந்தால் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எண் மாறினால் பெரும்பாலும் இரண்டாவது வகை.

இரண்டாவது வகையில் கம்பெனிக்கு எவ்வளவு தெரியும்? இரவு ஒன்பது மணிக்கு விபிஎன்னை நிறுத்த மறந்து ஜிமெயிலைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா என்பது கம்பெனி பக்கம் பதிவாகும். மெயிலில் என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது, ஏனென்றால் பிரவுசருக்கும் கூகிளுக்கும் நடுவில் எல்லாம் குறியாக்கம் ஆகியிருக்கிறது.

ஆனால் கம்பெனி வழங்கும் தளச் சான்றிதழ்களையும் நம்பு என்று லேப்டாப்புக்குச் சொல்லும் ரூட் சான்றிதழ் அதில் போடப்பட்டிருந்தால் கதை வேறு. அப்போது நடுவில் இருக்கும் பாதுகாப்பு சர்வர் அந்தக் குறியாக்கத்தைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சோதித்து, மறுபடி மூடி அனுப்ப முடியும். வங்கி, மருத்துவத் தளங்களைப் பல கம்பெனிகள் இந்தச் சோதனையிலிருந்து விலக்கி வைக்கின்றன, ஆனால் அது அவர்கள் முடிவு. இதையும் நீங்களே பார்க்கலாம். ஜிமெயிலைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியை அழுத்தி, சான்றிதழைத் திறந்து, Issued By என்ற இடத்தைப் படியுங்கள். Google Trust Services என்று இருந்தால் நடுவில் யாரும் பிரிக்கவில்லை. அங்கே உங்கள் கம்பெனி பெயரோ ஒரு பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பெயரோ இருந்தால் பிரிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

கம்பெனி லேப்டாப்பில் இந்தச் சான்றிதழ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, விபிஎன்னை நிறுத்தினாலும் அங்கே எல்லாம் நின்றுவிடாது. பின்னணியில் ஓடும் பாதுகாப்பு ஏஜென்ட், எந்த நிரல் ஓடியது, எந்த முகவரிக்குத் தொடர்பு போனது, பென் டிரைவ் செருகப்பட்டதா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டே இருக்கும். திரையைப் படம் பிடிப்பதும் தட்டச்சைப் பதிவு செய்வதும் வேறு வகை மென்பொருள்கள். எல்லாக் கம்பெனியும் அவற்றைப் போடுவதில்லை. ஆனால் போட்டிருந்தால் சாதாரணப் பயனராக உங்களால் கண்டுபிடிப்பது கடினம். வேலையில் சேரும்போது கையெழுத்திடும் கொள்கை ஆவணத்தில் கண்காணிப்பு என்ற பகுதியைப் படிப்பதுதான் வழி. அதே வைஃபையில் இருக்கும் உங்கள் போனில் என்ன பார்க்கிறீர்கள் என்பது இந்த ஏஜென்ட்டுக்குத் தெரியாது.

சரி, சொந்த லேப்டாப்புக்கு வருவோம். விபிஎன்னை நிறுத்தினால் இங்கே இணையம் உண்மையிலேயே உங்கள் கைக்குத் திரும்பிவிடும். ஆனால் அது நீங்கள் அந்த லேப்டாப்பைக் கம்பெனியின் நிர்வாகத்தில், அதாவது தொலைவிலிருந்து அவர்கள் அதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டில், சேர்க்காதவரை மட்டும்தான். அந்தச் சேர்க்கை ஒரே கிளிக்கில் நடந்துவிடும். அலுவலகக் கணக்கோடு டீம்ஸில் நுழையும்போது Allow my organization to manage my device என்று டிக் போட்ட ஒரு பெட்டி வரும். அவசரத்தில் ஓகே அழுத்தினால், கம்பெனி அதற்கேற்ப அமைத்திருக்கும் பட்சத்தில், லேப்டாப் அவர்கள் நிர்வாகத்துக்குள் போய்விடும். உங்கள் போட்டோவையோ பிரவுசர் வரலாற்றையோ அதன் வழியாகப் பார்க்க முடியாது. ஆனால் கடவுச்சொல் விதிகளைத் திணிக்கலாம், மென்பொருள் நிறுவலாம், தொலைவிலிருந்து லேப்டாப்பையே அழிக்கும் கட்டளையும் அவர்களிடம் இருக்கும். அந்தத் திரையில் கீழே சின்னதாக இருக்கும் No, sign in to this app only என்பதை அழுத்தியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. ஏற்கெனவே சேர்ந்துவிட்டதா என்று பார்க்க Settings, Accounts, Access work or school என்று போய் உங்கள் அலுவலகக் கணக்கை விரித்துப் பாருங்கள். Info என்ற பொத்தான் இருந்தால் லேப்டாப் நிர்வாகத்தில் இருக்கிறது.

நான் ஓகே அழுத்தியவன். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்வது கட்டாயம் என்று கொள்கை வந்தது, செய்தேன். மீட்புச் சாவியை எங்கே சேமிப்பது என்று கேட்டபோது அலுவலகக் கணக்கைத் தேர்ந்தெடுத்தேன். வேலையை விட்ட அன்று அந்தக் கணக்கு மூடப்பட்டது. நான்கு மாதம் கழித்து பயாஸ் அப்டேட் செய்தபோது, நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால், என் லேப்டாப்பின் பதிவையே நீக்கிவிட்டோம் என்றார்கள். மகளின் முதல் இரண்டு வருடப் படங்களில் பாதி அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. இன்னும் அப்படியே பூட்டித்தான் கிடக்கிறது. சொந்த லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்கள் இன்றே கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மின் உரிமையோடு திறந்து இதை ஓட்டுங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

Numerical Password என்பதன் கீழே ID, Password என்று இரண்டு வரும். Password என்பதன் கீழே உள்ள 48 இலக்க எண்தான் சாவி. அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

எந்த லேப்டாப்பாக இருந்தாலும் மாறாத ஒன்று அலுவலகக் கணக்கு. டீம்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசும் தனிச் செய்தியையும் நிர்வாகம் தேடி எடுக்க முடியும். செய்திகளைக் குறிப்பிட்ட காலம் சேமித்து வைக்கும் தக்கவைப்புக் கொள்கை இருந்தால், நீங்கள் அழித்த செய்தியும் அவர்கள் பக்கம் இருக்கும். சட்டமும் இங்கே பெரிய தடை போடவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே கையாள இடம் தருகிறது.

என் தேர்வு கம்பெனி லேப்டாப்தான். அதில் அவர்கள் நிறையப் பார்க்கலாம், ஆனால் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. என் வங்கி, மெயில், குடும்பப் படங்கள் எல்லாம் வேறு கருவியில் இருக்கின்றன. சொந்த லேப்டாப்பில் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்றால், பிரவுசர் வழியாகத் திறக்கும் தொலை டெஸ்க்டாப் கிடைக்குமா என்று ஐடி துறையிடம் கேளுங்கள். அதில் வேலை அவர்கள் சர்வரில் நடக்கும், உங்கள் லேப்டாப்பில் திரை மட்டும் தெரியும். விண்டோஸில் தனியாக ஒரு யூசர் உருவாக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது போதாது. நிர்வாகச் சேர்க்கையும் விபிஎன்னும் முழு லேப்டாப்பையும் பாதிப்பவை. ரூட் சான்றிதழும் பெரும்பாலும் அப்படித்தான் போடப்படும். அப்புறம், வேலையை விடும்போது கடைசி நாளுக்கு முன்பே கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருளை அவர்களையே நீக்கச் சொல்லுங்கள். பலவற்றை அவர்களிடம் உள்ள கடவுச்சொல் இல்லாமல் நீக்க முடியாது, அதைத் தர வேண்டியவரும் நீங்கள் வெளியே வந்தபின் போனை எடுக்க மாட்டார்.