நிலை ஏணியா, நாளுக்கொரு புதிரா: சிறு விளையாட்டுக்கு ஏற்ற சுழற்சி எது?

நாங்கள் இருவர் சேர்ந்து உருவாக்கிய கைப்பேசிப் புதிர் விளையாட்டின் மையச் சுழற்சியை, வெளியிட்ட சில மாதங்களிலேயே பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. விளையாட்டு எளியது. 7×7 கட்டத்தில் 1, 2, 3 என எண்ணிட்ட புள்ளிகள் சில இருக்கும். அவற்றை வரிசை தவறாமல் தொட்டு, எந்தக் கட்டத்தையும் விடாமலும் எதையும் இருமுறை மிதிக்காமலும் ஒரே கோடாக இழுக்க வேண்டும். கோடு இழுப்பதில் எதையும் மாற்றவில்லை. ஒரு புதிர் முடிந்தபின் என்ன நடக்கிறது, ஆட்டக்காரர் நாளை ஏன் திறப்பார் என்பதைத்தான் மாற்றினோம். முதலில் நிலைகளை அடுக்கிய ஏணி. பிறகு எல்லோருக்கும் பொதுவாக நாளுக்கு ஒரே புதிர். நான் இரண்டாவதன் பக்கம் நிற்பவன்.

இரண்டுக்கும் எல்லோரும் அறிந்த முன்மாதிரிகள் உண்டு. ஏணிக்கு 2012இல் வந்த கேண்டி க்ரஷ் சாகா. நாள் புதிருக்கு 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்து, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்ட வேர்டில். 2048 போல முடிவில்லாமல் மதிப்பெண் சேர்க்கும் மூன்றாவது வழியும் இருக்கிறது. ஆனால் எங்கள் புதிரில் நடுவே வந்து விழும் எதிர்பாராத காய் என்று எதுவுமில்லை. ஆகவே அதை ஒரு மாலைப்பொழுது பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

ஏணியுடன் வழக்கமாக வரும் ‘உயிர்’ முறையையும் தொடக்கத்தில் வைத்திருந்தோம்: ஐந்து உயிர்கள், தோற்றால் ஒன்று குறையும், அரைமணி நேரத்தில் ஒன்று திரும்பும். நகர்த்தல்களுக்கு வரம்பும் காய்கள் விழுவதில் தற்செயலும் உள்ள விளையாட்டில் இது பொருந்தும். தோல்விக்குக் காரணம் பாதி அதிர்ஷ்டம் என்பதால், சற்றுப் பொறுத்து வந்தால் அதே நிலை வேறுவிதமாக அமையக்கூடும். தர்க்கப் புதிரில் தோல்வி என்று ஒன்று கிடையாது, சிக்கிக்கொள்வதுதான் உண்டு. யோசித்துக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து புதிரைப் பிடுங்கி ‘அரைமணி கழித்து வா’ என்றால் அவர் வேறு எங்கோ போய்விடுகிறார். அதை முதலில் எடுத்தெறிந்தோம்.

ஆனால் எங்களை மாற்றியது உயிர் முறை அல்ல, பராமரிப்புக் கணக்கு. ஒரு நிலையைக் கையால் அமைத்து, சோதித்து, ஏணியில் அதற்குரிய படியில் பொருத்த எனக்குச் சராசரியாக 40 நிமிடம் ஆனது. ஆட்டக்காரர் அதை இரண்டு நிமிடத்தில் முடித்தார். 120 நிலைகளுக்கு 80 மணிநேர உழைப்பு. ஆர்வமுள்ள ஒருவருக்கு அது நான்கு மணிநேரத் தீனி. விளையாட்டை மிகவும் விரும்புகிறவரே முதலில் ஏணியின் உச்சிக்குப் போய், ‘புதிய நிலைகள் விரைவில்’ என்ற அட்டையைப் பார்த்துவிட்டு விலகுகிறார் என்பதுதான் இதில் கொடுமை. நிலை அமைப்பதற்கென்றே குழு வைத்திருக்கும் நிறுவனம் இந்தப் பந்தயத்தில் ஓடலாம், இருவரால் முடியாது. நாள் புதிரில் எவ்வளவு ஆர்வமுள்ளவரும் ஆண்டுக்கு 365 புதிர்களுக்கு மேல் தின்ன முடியாது. தீனியின் வேகத்தை நாமே நிர்ணயிக்கிறோம்.

அந்த 365ஐயும் கையால் செய்தால் பழைய கதைதான். நிரல் ஒன்று எழுதினோம்: முதலில் 49 கட்டங்களையும் கடக்கும் கோடு ஒன்றைத் தற்செயலாக உருவாக்கும், பிறகு அதன்மீது புள்ளிகளை வைக்கும். முதல் இரவே அது பாதி முறை முடிவில்லாமல் சுழன்றது. காரணம் எளியது, கண்டுபிடிக்கத்தான் ஒரு நாள் ஆயிற்று. கட்டத்துக்குச் சதுரங்கப் பலகைபோல் இரு நிறம் பூசினால் ஒரு நிறத்தில் 25, மற்றதில் 24 கட்டங்கள் வரும். கோடு ஒவ்வோர் அடியிலும் நிறம் மாறுவதால், 25 உள்ள நிறத்தில் தொடங்கி அதே நிறத்தில்தான் முடிய முடியும். மற்ற 24இல் ஒன்றைத் தொடக்கமாக எடுத்தால் விடையே கிடையாது. இல்லாத கோட்டை நிரல் தேடிக்கொண்டே இருந்தது.

அடுத்தது விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. இரண்டு விடைகள் இருந்தால் சரியாக யோசிப்பவர் ஓரிடத்தில் நின்றுபோய், ஊகித்துப் பார்க்க நேரிடும். நண்பருடன் ஒப்பிடும்போதும் கோடுகள் ஒத்துப்போகா. எனவே தீர்க்கும் நிரல் இரண்டாவது விடையைக் கண்டதுமே நின்று, இரு கோடுகளும் பிரியும் இடத்தருகே ஒரு புள்ளியைக் கூட்டி, மறுபடி சோதிக்கும். கடினத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் அளந்தது எங்கள் தவறு. ஏழு புள்ளிப் புதிர்கள் சில, பத்துப் புள்ளிப் புதிர்களைவிட எளிதாக இருந்தன. மனிதர் யோசிக்கும் விதிகளை நிரலுக்குக் கற்றுக்கொடுத்த பிறகே அளவு சரியானது. மூலைக் கட்டத்துக்கு அண்டைக் கட்டங்கள் இரண்டே; கோடு அங்கே தொடங்கவோ முடியவோ இல்லையென்றால் அந்த இரண்டின் வழியாகவும் போயே தீரும். இத்தகைய கட்டாய நகர்வுகளால் மட்டுமே முடிந்துவிடும் புதிர் திங்கட்கிழமைக்கு, இரண்டு மூன்று முறை முயன்று பின்வாங்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமைக்கு.

தற்செயல் தேர்வுகளெல்லாம் எல்லாக் கைப்பேசியிலும் ஒன்றுபோல் அமையும்படி தேதியையே நிரலின் தொடக்க எண்ணாக, அதாவது விதையாகக் கொடுத்து, புதிரைக் கைப்பேசியிலேயே அன்றன்று உருவாக்கலாம் என்றுதான் தொடங்கினோம். நிரலில் சிறு திருத்தம் செய்து புதுப்பிப்பு அனுப்பிய வாரத்தில், பழைய பதிப்பு வைத்திருந்தவருக்கு ஒரு புதிரும் புதியதை வைத்திருந்தவருக்கு வேறொன்றும் போயின. எல்லோருக்கும் ஒரே புதிர் என்பது போனால் இந்தச் சுழற்சியில் மிச்சம் எதுவுமில்லை. இப்போது மூன்றாண்டுப் புதிர்களை முன்கூட்டியே உருவாக்கி, கண்ணால் ஒருமுறை பார்த்து, கோப்பாகவே செயலியில் வைத்துவிட்டோம். ஒரு புதிருக்கு 100 பைட் போதும். ஆயிரம் புதிருக்கு 100 கிலோபைட்.

ஒருவர் விடாமல் எத்தனை நாள் ஆடினார் என்று காட்டும் தொடர்நாள் எண்ணிக்கையில் எச்சரிக்கை வேண்டும். நாளைக் கைப்பேசியின் உள்ளூர் நேரத்தில் கணக்கிடாமல் சர்வர் நேரத்தில் கணக்கிட்டதால், தூங்குமுன் ஆடும் பழக்கமுள்ள பலருக்கு ஓர் இரவு இரண்டு நாளாகவும், மறுநாள் விடுபட்ட நாளாகவும் பதிந்தது. 60 நாள் தொடர்ச்சியை இழந்தவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை, செயலியை நீக்குகிறார். மாதத்துக்கு இரு நாள் விடுபடலாம் என்று தளர்த்தினோம். பெரிய எழுத்தில் காட்டும் எண்ணையும் ‘இதுவரை தீர்த்தவை’ என்று, ஒருபோதும் குறையாததாக மாற்றினோம்.

வருமானத்தைப் பொறுத்தவரை என் சொல்லை அதிகம் நம்ப வேண்டாம். எங்கள் செயலியில் விளம்பரம் இல்லை. பழைய புதிர்களைத் திறக்க ஒரே ஒரு முறை வாங்கும் வசதி மட்டும் உண்டு. நாளுக்கு மூன்று நிமிடம் திறக்கப்படும் செயலியில் விளம்பரம் வைத்துப் பிழைக்க நினைப்பவருக்கு ஏணியே ஏற்றதாக இருக்கலாம்.

ஏணியை நாங்களும் முழுவதுமாகத் தூக்கி எறியவில்லை. சனிக்கிழமை புதிதாக வருபவருக்குக் கடினமான புதிர் மட்டுமே கிடைத்தால், மூலை விதியைக்கூட அறியாமல் முட்டிக்கொண்டு போய்விடுவார். ஆகவே பழைய 120இலிருந்து 15 நிலைகளைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றும் ஒரு விதியை மட்டும் கற்றுத்தரும்படி 4×4இல் தொடங்கும் பயிற்சிப் படிகளாக முன்னால் வைத்திருக்கிறோம். மீதி 105ம் என் கணினியில்தான் கிடக்கின்றன.