பாதி அட்டவணையா, முழு அட்டவணையா? திட்ட இயல்நிலைப் பரப்பைத் திருப்பித் தேடும்போது தெரியும் வித்தியாசம்

பி.காம் மாணவர்களுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுக்கிறேன். போன வருடம் வரை பாதி அட்டவணையை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் படித்ததும் அதில்தான். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் பழகியது அதுதான். இந்த வருடம் முழு அட்டவணைக்கு மாறிவிட்டேன். அதற்குக் காரணம் ஒரே ஒரு வகைக் கணக்கு.

முதலில் இரண்டும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாதி அட்டவணை, மணி வளைவின் நடுக்கோட்டிலிருந்து z வரை உள்ள பரப்பைத் தரும். அதனால் அதன் எண்கள் 0-வில் தொடங்கி 0.5-ஐ நெருங்கி நின்றுவிடும். முழு அட்டவணை, இடது கோடியிலிருந்து z வரை உள்ள மொத்தப் பரப்பைத் தரும். குறை z-க்கு ஒரு பக்கம், மிகை z-க்கு ஒரு பக்கம் என்று இரண்டு பக்கம் இருக்கும், எண்கள் 0-வுக்கு அருகிலிருந்து 1-க்கு அருகில் வரை போகும். எந்த அட்டவணை கையில் இருக்கிறது என்று சந்தேகமா? z = 0.00 உள்ள கட்டத்தைப் பாருங்கள். 0.0000 என்றால் பாதி, 0.5000 என்றால் முழு.

மதிப்பெண்ணிலிருந்து நூற்றுமானத்துக்குப் போகும் வழியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு தேர்வில் சராசரி 58, திட்ட விலக்கம் 12, மதிப்பெண்கள் இயல்நிலையாகப் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 73 வாங்கியவர் எங்கே நிற்கிறார்? 73-இல் 58 போக 15, அதை 12-ஆல் வகுத்தால் z = 1.25. முழு அட்டவணையில் 1.2 வரிசையும் .05 நிரலும் சந்திக்கும் இடத்தில் 0.8944. அதாவது ஏறக்குறைய 89-ஆவது நூற்றுமானம். பாதி அட்டவணையில் அதே இடத்தில் 0.3944 இருக்கும், 0.5-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்ட மறந்தால் 39 என்று வரும். சராசரிக்கு மேலே இருப்பவர் 39-ஆவது நூற்றுமானத்தில் எப்படி இருப்பார் என்று பெரும்பாலும் மாணவரே பிடித்துவிடுவார்.

சிக்கல் திரும்பி வரும் வழியில்தான். அதே தேர்வில் 15-ஆவது நூற்றுமானம் எந்த மதிப்பெண்? கடைசி 15 சதவீதத்தினருக்குத் தனி வகுப்பு வைக்கப் போகிறார்கள், கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. இந்தத் திசையில் ஓரத்தில் உள்ள z-ஐ வைத்து உள்ளே போகக் கூடாது. உள்ளே உள்ள பரப்பைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஓரத்துக்கு வர வேண்டும்.

முழு அட்டவணையில் 0.1500-ஐத் தேடுகிறோம். சரியாக அந்த எண் இருக்காது. குறை z பக்கத்தில் −1.04-க்கு 0.1492, −1.03-க்கு 0.1515. கிட்டே இருப்பது 0.1492, ஆக z = −1.04. மதிப்பெண் 58 − 1.04 × 12 = 45.52. குறி அட்டவணையிலேயே இருப்பதால் அதைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

பாதி அட்டவணையில் இதையே செய்ய, 0.5-இலிருந்து 0.15-ஐக் கழித்து 0.35-ஐத் தேட வேண்டும். 1.04-க்கு 0.3508 கிடைக்கும். அப்புறம் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் என்பதால் குறைக் குறியை நாமே போட வேண்டும். சரியாகச் செய்தால் விடை அதேதான். ஆனால் கழிக்கும் வேலை அட்டவணையைத் தொடுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. 15 சதவீதம் என்று கேள்வியில் படித்த கண், நேராக 0.15-ஐத்தான் தேடிப் போகும். அந்த எண் அங்கே உண்மையிலேயே இருக்கிறது!

போன வருடம் ஒரு மாணவி இப்படித்தான் செய்திருந்தாள். உள்ளே 0.1517-ஐப் பிடித்து, z = 0.39 என்று எழுதி, கீழ்ப்பக்கம் என்பதால் குறையும் போட்டு, 58 − 4.68 = 53.32 என்று விடை. சராசரிக்குக் கீழே இருக்கிறது, பார்க்க நியாயமாகவும் இருக்கிறது. “சரிபார்த்தாயா?” என்று கேட்டேன். “பார்த்தேன் சார், 0.39-க்குத் திரும்பப் போனால் 0.1517 வருதே” என்றாள். அவள் சொன்னது உண்மை, தப்பான விடைக்கு அட்டவணையே சாட்சி சொல்லியிருக்கிறது. அந்த 0.1517, நடுக்கோட்டுக்கும் 53.32-க்கும் இடையே உள்ள பரப்பு. 53.32-க்குக் கீழே இருப்பது 0.5 − 0.1517 = 0.3483. தனி வகுப்புக்கு 15 பேர் வர வேண்டிய இடத்தில் 35 பேர் வந்து நிற்பார்கள்.

90-ஆவது நூற்றுமானம் கேட்டால் இந்தத் தப்பு நடக்காது. பாதி அட்டவணையில் 0.90 என்ற எண்ணே கிடையாது, தேடுபவர் நின்று யோசிப்பார். 50-க்குக் கீழே உள்ள நூற்றுமானங்களில்தான் அது சத்தமில்லாமல் ஏமாற்றும். முழு அட்டவணையில் உள்ளே இருக்கும் எண்ணே நூற்றுமானம் என்பதால், கேள்வியில் உள்ள எண்ணைத் தேடினாலே போதும். மிகைப் பக்கத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்திருந்தாலும் 0.15 அதில் அகப்படாது, ஏனென்றால் அந்தப் பக்கம் 0.5-இல்தான் தொடங்குகிறது. எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பாதி அட்டவணைக்கு நல்ல இடமும் உண்டு. நடுவிலுள்ள 95 சதவீதம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று கேட்டால், 0.95-ஐப் பாதியாக்கி 0.4750-ஐத் தேடினால் நேராக 1.96. முழு அட்டவணையில் வாலில் 0.025 மிச்சம் இருப்பதைக் கணக்கிட்டு 0.9750-ஐத் தேட வேண்டும். இங்கே முழு அட்டவணைக்காரர்கள் 0.95-ஐத் தேடி 1.645-க்குப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். (1.64-க்கு 0.9495, 1.65-க்கு 0.9505. சரிநடுவில் விழுவதால் 1.645 என்று எடுப்பது வழக்கம்.) தேர்வு அறையில் பாதி அட்டவணைதான் கொடுப்பார்கள் என்றால், அதிலேயே பழகுவதுதான் நல்லது.

வலது வால் பரப்பை மட்டும் தரும் மூன்றாவது வகையும் உண்டு. அதை ஓரிரு முறைதான் கையாண்டிருக்கிறேன், அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வால் கோடிக்குப் போனால் இரண்டுமே தடுமாறும். 99.9-ஆவது நூற்றுமானத்துக்கு 0.9990-ஐத் தேடினால் 3.08, 3.09, 3.10 மூன்றிலும் அதே எண் இருக்கும். நான்கு தசம இடத்துக்கு முழுமையாக்கியதால் வரும் சங்கடம் இது. நடுவில் உள்ள 3.09-ஐ எடுத்துக்கொள்ளலாம். நம் தேர்வுக் கணக்கில் 0.01 z என்பது 0.12 மதிப்பெண்தான், பாதகமில்லை.

கணினியில் விடையைச் சரிபார்க்கிறவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. எக்செலும் இடது கோடியிலிருந்தே பரப்பை எடுக்கிறது, அதாவது முழு அட்டவணையின் கணக்கு:

```
=NORM.DIST(73,58,12,TRUE)
=NORM.INV(0.15,58,12)
```

முதலாவது 0.8944 தரும். இரண்டாவது 45.56 தரும். நாம் கண்ட 45.52-க்கும் இதற்கும் உள்ள சிறு வித்தியாசம், z-ஐ −1.04 என்று முழுமையாக்கியதால் வந்தது.