ஐந்து இரவுகளில் 42 ஜிபி: இரவு நேர டேட்டாவில் பெரிய கோப்பை அனுப்பும் மூன்று வழிகள்

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை எட்டு மணி நேரம் ஒரே வீடியோவாகப் பதிவு செய்தால், நொடிக்கு 12 மெகாபிட் தரத்தில்கூட அது ஏறத்தாழ 42 ஜிபி வரும். கிராமத்திலிருந்து சென்னையில் இருக்கும் படத்தொகுப்பாளருக்கு அதை அனுப்ப இருந்தது மொபைல் இணைப்பு ஒன்றுதான். பகலில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி, நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கணக்கில் சேராத டேட்டா என்பது திட்டம். வி நிறுவனத்தின் சில முன்கட்டணத் திட்டங்களில் இத்தகைய இரவுச் சலுகை உண்டு.

இந்த இரவுச் சலுகை இல்லாமல் நாளுக்கு 2 ஜிபி மட்டும் தரும் திட்டமாக இருந்தால், அந்த டேட்டா முழுவதையும் இதற்கே செலவிட்டாலும் 21 நாட்கள் ஆகும். அளவு தீர்ந்த பிறகும் 64 கிலோபிட் வேகத்தில் இணைப்பு தொடர்கிறதே, அதிலேயே போகட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 64 கிலோபிட் என்பது நொடிக்கு 8 கிலோபைட். ஒரு மணி நேரத்தில் 29 மெகாபைட்கூட நகராது. 42 ஜிபி போய்ச் சேர 60 நாட்களுக்கு மேல் வேண்டும். அப்படிப்பட்ட திட்டம் வைத்திருப்பவர் 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிடுவதே சரி.

இரவுச் சலுகை உள்ளவருக்குக் கணக்கு வேறு. ஏற்று வேகத்தை நள்ளிரவுக்குப் பிறகு அளந்து பார்க்க வேண்டும். மாலையில் அளந்த எண் இதற்கு உதவாது. இங்கே கிடைத்தது 4 மெகாபிட், அதாவது நொடிக்கு அரை மெகாபைட். கடிகார வேறுபாட்டுக்கு இடம் விட்டு 12.10க்குத் தொடங்கி 5.50க்கு நிறுத்தினால் 340 நிமிடங்கள் கிடைக்கின்றன. அதில் 10.2 ஜிபி போகும். நெறிமுறைகளின் சுமையைக் கழித்து 9.7 என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஐந்து இரவுகள், அதாவது நடுவில் நான்கு முறை நிறுத்தித் தொடங்க வேண்டும். மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுவது, நிறுத்திய பிறகு மறுநாள் இரவு அவை எங்கிருந்து தொடங்குகின்றன என்பதே.

பிரவுசரில் கூகுள் டிரைவைத் திறந்து கோப்பை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவது முதல் வழி. ஒரே இரவில் முடியும் கோப்புக்கு இது போதும். ஆனால் காலை 6 மணிக்குத் தானாக நிற்க அதற்குத் தெரியாது. நொடிக்கு அரை மெகாபைட் போய்க்கொண்டிருக்கும்போது, அன்றைய 1.5 ஜிபி முழுவதும் 50 நிமிடங்களில் தீர்ந்துவிடும், 6.50க்கு எழுந்து பார்ப்பவருக்கு அந்த நாளின் இணைப்பு 64 கிலோபிட்டாகச் சுருங்கியிருக்கும். அலாரம் வைத்து எழுந்து தாவலை மூடினாலோ, அதுவரை போன பகுதி பயனற்றுப் போய், மறுநாள் முதலிலிருந்து தொடங்க நேரும். ஐந்து இரவுகள் இப்படிச் செய்தால் 48 ஜிபிக்கு மேல் ஏற்றியிருப்போம். டிரைவில் ஒரு கோப்பும் இருக்காது.

இரண்டாவது வழி, அதே கூகுள் டிரைவுக்குக் கோப்புகளை ஏற்றும் `rclone` என்ற நிரல். அது கட்டளையில் இயங்குவதால் நேரம் குறித்து ஓட்டலாம், நிறுத்தலாம்; இணைப்பு சற்று அறுந்தால் தானே மறுபடி முயலும். ஆனால் பலர் கவனிக்காத குறை ஒன்று இதிலும் உண்டு. பாதியில் நின்றுபோன ஒரு கோப்பை அடுத்த ஓட்டத்தில் விட்ட இடத்திலிருந்து அது தொடர்வதில்லை. அந்தக் கோப்பை முழுவதுமாக மீண்டும் ஏற்றுகிறது. 42 ஜிபியையும் ஒரே கோப்பாகக் கொடுத்தால் பிரவுசருக்கு நேர்ந்த கதிதான் இதற்கும் நேரும். முழுதாகப் போய்ச் சேர்ந்த கோப்புகளை மட்டும் அது அடையாளம் கண்டு தாண்டிச் செல்லும். ஆகவே கோப்பை முதலில் துண்டுகளாக்க வேண்டும்:

```
mkdir -p ~/parts
split -b 256M -d -a 3 koothu.mp4 ~/parts/koothu.
```

157 துண்டுகள் வரும். ஒரு துண்டு போகப் பத்து நிமிடங்கள்கூட ஆகாது, 5.50க்கு நிறுத்தும்போது அரைகுறையாக இருக்கும் ஒரே துண்டுதான் வீண். துண்டை ஒரு ஜிபியாக வைத்திருந்தால் அந்த இழப்பு அரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடும். கூகுள் டிரைவை `rclone`இல் `gdrive` என்ற பெயரில் முன்கூட்டியே இணைத்திருந்தால், லினக்ஸ் கணினியில் `crontab`இல் ஒரு வரி போதும்:

```
10 0 * * * timeout 340m rclone copy ~/parts gdrive:koothu --transfers 1 -v --log-file ~/up.log
```

`--transfers 1` முக்கியம். அது இல்லாவிட்டால் நான்கு துண்டுகள் ஒரே நேரத்தில் போகும். நிறுத்தும்போது நான்கும் அரைகுறையாக நிற்கும். வேகத்துக்கு வரம்பு வைக்கும் `--bwlimit` இரவில் தேவையில்லை. பகலில் பயன்படுத்துவோர், அதில் எழுதும் எண் பிட் அல்ல, பைட் என்பதை மறக்கக் கூடாது. 4 மெகாபிட் என்று எண்ணி `4M` என்று எழுதினால் அது 32 மெகாபிட்டுக்கும் மேலான வரம்பு. இந்த இணைப்பில் வரம்பே இல்லாததற்குச் சமம்.

இந்த வழிக்கான விலை இடம். துண்டுகளுக்காகக் கணினியில் இன்னொரு 42 ஜிபி காலியாக இருக்க வேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி மட்டுமே என்பதால் கட்டணத் திட்டமும் எடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நேரடியாகக் கோப்பை அனுப்பும் `rsync`. இதில் இந்த இரண்டு செலவும் இல்லை. பெறுபவரிடம் எஸ்எஸ்ஹெச் வழியாக எட்டக்கூடிய ஒரு கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால், கோப்பைத் துண்டாக்காமலே, அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பகுதியின் முடிவிலிருந்து அது தொடரும். நிறுத்தும்போது ஏறக்குறைய எதுவும் வீணாகாது. தொடர்தல் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் மூன்றிலும் இதுவே சிறந்தது. ஆனால் இணைப்பு அறுந்தால் `rsync` தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறிவிடும். இரவு ஒரு மணிக்கு டவர் ஒரு நிமிடம் தடுமாறினால் மீதி ஐந்து மணி நேரமும் வெறுமனே கழியும். கிராமத்து மொபைல் இணைப்பில் இது அரிதல்ல. அதனால் திரும்பத் திரும்ப முயலும்படி சுற்றிக்கட்ட வேண்டும்:

```
timeout 340m sh -c 'until rsync --append-verify --timeout=60 koothu.mp4 editor@server:/data/; do sleep 60; done'
```

கடவுச்சொல் கேட்காதபடி எஸ்எஸ்ஹெச் சாவியை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். இடையில் அந்த வீடியோவைத் திருத்தவும் கூடாது. பழைய தொடக்கத்தோடு புதிய முடிவு ஒட்டிக்கொண்டால், கடைசிச் சரிபார்ப்பில் பொருந்தாமல் முழுக் கோப்பையும் மீண்டும் அனுப்ப நேரலாம்.

படத்தொகுப்பாளரிடம் அப்படி ஒரு கணினி இல்லாததால் இந்தக் கூத்துக்கு நான் தேர்ந்தது `rclone`. இருந்திருந்தால் தயங்காமல் `rsync`ஐ எடுத்திருப்பேன்.

எந்த வழியானாலும் மடிக்கணினி உறங்கக் கூடாது. உறங்கும் கணினியில் `cron` இயங்காது. காலையில் முதலில் பார்க்க வேண்டியது `up.log`. 36 அல்லது 37 துண்டுகள் போயிருந்தால் இரவு ஒழுங்காகக் கழிந்தது. வேகம் 7 அல்லது 8 கிலோபைட்டில் சமமாக ஓடியிருந்தால் அது டவர் கோளாறு அல்ல, திட்டத்தின் வரம்பு: இரவுச் சலுகை அந்த மொபைல் எண்ணுக்குச் செயல்படவில்லை என்று பொருள். வேகம் ஏறி இறங்கி, பிழைச் செய்திகளும் மறுமுயற்சிகளும் நிறைந்திருந்தால் சிக்னல்தான் காரணம். போனை ஜன்னலோரம் மாற்றி வைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

ஐந்தாம் இரவுக்குப் பின் படத்தொகுப்பாளர் 157 துண்டுகளையும் இறக்கி, `cat koothu.* > full.mp4` என்று இணைத்தார். `sha256sum` கொடுத்த எண் இருபுறமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்த பிறகே கேமரா அட்டையை அழித்தேன்.